30-வது கிலோமீட்டர் வரைக்கும் ஒரே நேரம், முடிக்கும்போது 12 நிமிஷம் வித்தியாசம்

என்னோட ரெண்டு ஃபுல் மாரத்தானையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்தப்ப ஒரு விஷயம் கண்ணுல பட்டுச்சு, அத வச்சுத்தான் இத எழுதுறேன். முதல் ரேஸ்ல 30 கிலோமீட்டர் போர்டை 2:48:00-ல தாண்டினேன். ஒரு வருஷம் கழிச்சு அதே சென்னைல, அதே ஜனவரில, 30-ஐ தாண்டினது 2:49:10-ல. அதாவது ரெண்டாவது தடவ 70 செகண்ட் லேட். ஆனா முடிச்சது முதல் தடவ 4:14:24, ரெண்டாவது தடவ 4:02:05. இந்த 12 நிமிஷமும் கடைசி 12 கிலோமீட்டர்ல இருந்துதான் வந்துச்சு.

உடனே "நீ ஒரு வருஷம் கூட ஓடியிருக்க, ஃபிட்டா இருந்திருப்ப, அதான்"னு சொல்லுவீங்க. அது பாதி உண்மை, மறைக்கல. வாரத்துக்கு 38 கிலோமீட்டர் ஓடிட்டு இருந்தவன் 55-க்கு வந்தேன், லாங் ரன் 28-லயே நின்னது 34 வரைக்கும் போச்சு. ஆனா ஃபிட்னஸ் மட்டும்தான் காரணம்னா 30-ல முன்னாடி இருந்திருக்கணும்ல, இல்லயே. மீதி பாதி கணக்கு போட்ட விதத்துல இருக்கு.

முதல் ரேஸுக்கு நான் போட்ட கணக்கு எல்லாரும் போடுறதுதான். அக்டோபர்ல ஒரு ஹாஃப் 1:52:00-ல முடிச்சேன், அத ஒரு கால்குலேட்டர்ல போட்டேன், ஃபுல்லுக்கு 3:53-னு காட்டுச்சு, சரி கொஞ்சம் கருணையா 3:55-னு வச்சுக்கலாம்னு 42.195-ஆல வகுத்தேன், கிலோமீட்டருக்கு 5:34 வந்துச்சு, அத அப்படியே வாட்ச்ல ஏத்திட்டேன். முடிஞ்சது ப்ளானிங். கடைசில வேகம் இறங்குற தொய்வுன்னு ஒண்ணு வரும்னு தெரியும், அதுக்கு நான் வச்சிருந்த மருந்து என்னன்னா முதல்ல கொஞ்சம் வேகமா ஓடி நேரத்த சேத்து வச்சுக்கிட்டா கடைசில செலவு பண்ணிக்கலாம்ங்கற ஐடியா. எங்க க்ரூப்ல இதுக்கு பேரே உண்டியல் ப்ளான். உண்டியல்ல நான் போட்டது முதல் 10 கிலோமீட்டர்ல ஒரு நிமிஷம் சொச்சம். கடைசி 12-ல எடுத்தது 18 நிமிஷத்துக்கும் மேல.

அந்த கால்குலேட்டர் என்ன பண்ணுதுன்னு மொதல்ல பாத்துடலாம். பெரும்பாலான ஆப், சைட்டுல ஓடுறது பீட்டர் ரீகல்ங்கற அமெரிக்க இன்ஜினியர் 1977-ல கொடுத்த சூத்திரம். ஒரு தூரத்துல உங்க நேரம் தெரிஞ்சா இன்னொரு தூரத்துக்கு இப்படி கணிக்கலாம்:

```
T2 = T1 * (D2/D1)^1.06
```

தூரம் ரெட்டிப்பானா நேரம் ரெட்டிப்புக்கு மேல எவ்வளவு கூடும்ங்கறத அந்த 1.06 சொல்லுது. ஹாஃப்ல இருந்து ஃபுல்லுக்கு போறப்ப ஹாஃப் நேரத்த ஏறக்குறைய 2.085-ஆல பெருக்குறதுதான் இது, வேற மாயம் ஒண்ணும் இல்ல. தெளிவா சொல்லணும்னா இந்த 1.06 நல்லா பயிற்சி எடுத்த ஆளுங்களுக்கான எண். வேலைக்கு போயிட்டு காலைல அஞ்சு மணிக்கு எழுந்து வாரம் நாப்பது கிலோமீட்டர் ஓடுற நம்ம மாதிரி ஆளுங்களுக்கு 5K, 10K, ஹாஃப் வரைக்கும் ஓரளவு சரியா வரும், ஃபுல்லுக்கு வந்தா ரொம்ப தாராளமா காட்டும்.

அப்ப உங்க எண் என்ன? ரெண்டு ரேஸ் நேரம் கைல இருந்தா அத நீங்களே எடுக்கலாம். ஷீட்ல ரெண்டு தூரத்தையும் D1, D2 செல்லுலயும் அதுக்கான நேரத்த T1, T2 செல்லுலயும் போட்டா ஒரு வரி போதும்:

```
=LN(T2/T1)/LN(D2/D1)
```

என் 10K 50:00, ஹாஃப் 1:52:00, போட்டா 1.08 வருது. இங்கதான் ஒரு பள்ளம் இருக்கு, நானும் விழுந்தேன்: 10-க்கும் 21-க்கும் நடுவுல எடுத்த எண்ண 42-க்கு அப்படியே நீட்டக்கூடாது. ஹாஃப் வரைக்கும் உடம்புல இருக்குற சர்க்கரை இருப்பு பத்தும், காலும் தாங்கும். ரெண்டரை மணி நேரத்துக்கு மேல வேற ஆட்டம், தசைல இருப்பு குறையும், தொடை தசை அடி வாங்கியே இறுகிப்போகும், வேர்வைல தண்ணி போய் அதே வேகத்துக்கு இதயம் கூட துடிக்கும். அதனால வளைவு அங்க இன்னும் செங்குத்தாகும். முதல் ரேஸ் முடிஞ்சதும் ஹாஃபையும் ஃபுல்லையும் வச்சு என் எண்ண எடுத்தேன், 1.18! அதுவும் நிஜம் இல்ல, ஏன்னா அது கெட்டுப்போன ரேஸ், சரியா ஓடியிருந்தா அவ்வளவு மோசமா வந்திருக்காது. ஆக 1.08 ரொம்ப ஆசை, 1.18 ரொம்ப அவநம்பிக்கை, நடுவுல எங்கயோ இருக்கு.

இப்ப முதல் ரேஸ் போஸ்ட்மார்ட்டம். 30 வரைக்கும் சூப்பரா போச்சு, 31-ல சுவத்துல முட்டின மாதிரி திடீர்னு உடைஞ்சுட்டேன்னு ஒரு வருஷமா எல்லார்ட்டயும் சொல்லிட்டு திரிஞ்சேன். ஸ்ப்ளிட்ட எடுத்து வச்சு பாத்தா அது பொய். முதல் அஞ்சு கிலோமீட்டர் சராசரி 5:26, அடுத்த அஞ்சு 5:29, அப்புறம் 5:31, 5:34, 5:40, 5:56. ஒவ்வொரு அஞ்சும் முந்தினத விட ஸ்லோ, ஒண்ணுகூட தப்பல. ஆரம்பத்துல இருந்தே இறங்குமுகம், எனக்கு அது தெரியல ஏன்னா சராசரி பேஸ் மட்டும் பாத்துட்டு இருந்தேன், சராசரில முதல்ல சேத்த வேகம் பின்னாடி வர்ற தொய்வ மூடி மறைச்சிடும். 31-ல நடந்தது புதுசா ஒண்ணும் இல்ல, மூடி தெறிச்சது அவ்வளவுதான். 35-ல இருந்து 40 வரைக்கும் 7:26.

இன்னொரு தடயம் நெஞ்சுப்பட்டைல பதிவான ஹார்ட் ரேட். 20-ல 168 இருந்தது 37-ல 151-க்கு இறங்கியிருந்துச்சு. வேகமும் இறங்குது, துடிப்பும் இறங்குது. அப்படின்னா மூச்சோ வெயிலோ பிரச்சனை இல்ல, காலுக்கும் எரிபொருளுக்கும்தான் பிரச்சனை, இதயம் இன்னும் கொடுக்க ரெடியா இருக்கு, வாங்கிக்க காலு இல்ல. இதுவே வேகம் அப்படியே இருந்து துடிப்பு மட்டும் ஏறிட்டே போனா அது சூடு, தண்ணி சமாச்சாரம். உங்க பழைய ரேஸ் ஃபைல் இருந்தா இத ஒரு தடவ பாருங்க, எந்த வகை தொய்வுன்னு அதுலயே தெரிஞ்சிடும்.

ரெண்டாவது ரேஸுக்கு வருவோம். நவம்பர்ல ஹாஃப் 1:50:30. 1.06 போட்டா 3:50:23, கிலோமீட்டருக்கு 5:28. க்ரூப்ல ஒரு தம்பி, நல்லா ஓடுறவன், "அண்ணே 3:50 கன்ஃபார்ம்ணே, தைரியமா போங்க"ன்னான். அவனுக்கு வயசு 26, வாரம் 90 கிலோமீட்டர் ஓடுறான், அவனுக்கு 1.06 சரியாதான் வரும்.

இந்த தடவ நான் மாத்தினது ஒண்ணே ஒண்ணு, கணக்கு போற திசை. முடிக்கிற நேரத்த முதல்ல முடிவு பண்ணிட்டு அதுல இருந்து பின்னாடி வந்து பேஸ் எடுக்குறத விட்டுட்டேன். ட்ரெய்னிங்ல எந்த பேஸ் நிக்குதுன்னு முதல்ல பாக்குறது, அதுமேல நிஜமா வரக்கூடிய தொய்வ ஏத்துறது, கடைசில என்ன நேரம் வருதோ அத ஏத்துக்கறது. ஏன் இப்படின்னா, பின்னாடி இருந்து வந்தா தொய்வ சேக்க சேக்க ஆரம்ப பேஸ் வேகமாகும். 3:50 வேணும், கடைசி 12-ல அஞ்சு சதவீதம் ஸ்லோ ஆவேன்னு வச்சு கணக்கு போட்டா 5:22-ல ஆரம்பிக்கணும்னு வருது. 5:28-ஏ நிக்காதவன் 5:22-ல ஆரம்பிச்சா தொய்வு அஞ்சு சதவீதமாவா இருக்கும்? பதினஞ்சாகும். அதுதான் உண்டியல் ப்ளான், ஷீட்ல போட்டதால கொஞ்சம் கௌரவமா தெரியும்.

ஆரம்ப பேஸ எப்படி எடுத்தேன்னா, ரேஸுக்கு நாலு வாரம் முன்னாடி 15 கிலோமீட்டர் நிதானமா 6:20-ல ஓடி கால களைக்க வச்சுட்டு, அப்புறம் 5:28-ல 14 கிலோமீட்டர் ஓட பாத்தேன். ஹார்ட் ரேட் 161-ல ஆரம்பிச்சு பத்தாவது கிலோமீட்டர்ல 172, அதோட நிப்பாட்டிட்டேன், மத்தியானம் படிக்கட்டு இறங்க முடியல. அடுத்த வாரம் அதே மாதிரி, ஆனா 5:36-ல. 155-ல ஆரம்பிச்சு 14-ம் முடிஞ்சப்ப 163, இன்னும் ரெண்டு மூணு போகலாம்ங்கற நிலைமை. எட்டு செகண்ட்தான், ஆனா ஒண்ணு ஏறிக்கிட்டே போகுது, இன்னொண்ணு மெதுவா ஏறி கைக்குள்ள நிக்குது. 5:36 தான் என் பேஸ்னு அன்னிக்கே எழுதிட்டேன். 1.06-ம் 5:28-ம் அதோட செத்துச்சு.

தொய்வு எவ்வளவுன்னு கண்டுபிடிக்க இன்னொரு லாங் ரன், இது கொஞ்சம் வித்தியாசமானது. 32 கிலோமீட்டர், பேஸ பாக்கவே கூடாது, ஹார்ட் ரேட் மட்டும் 150-ஐ தாண்டாம பாத்துக்கணும், வேகம் எப்படி இறங்குதோ இறங்கட்டும். முதல் 22 சராசரி 6:18, கடைசி 10 சராசரி 6:33. நாலு சதவீதம். இது சுலபமான வேகத்துல, 32-லயே வந்த தொய்வு. ரேஸ் இன்னும் 10 கிலோமீட்டர் நீளம், வேகமும் கூட, அதனால இதுக்கு கீழ வர சான்ஸே இல்ல. 30-ல இருந்து 35 வரைக்கும் மூணு சதவீதம், 35-க்கு அப்புறம் ஏழு சதவீதம்னு வச்சேன். இது சூத்திரம் இல்ல, என் லாக்கையும் முதல் ரேஸ்ல பட்டதையும் வச்சு போட்ட கணிப்பு. வாரம் 40 கிலோமீட்டருக்கு கீழ ஓடுறவங்க, 30-ஐ ட்ரெய்னிங்ல தொடாதவங்க இத விட நிறைய வைக்கணும்னுதான் சொல்லுவேன்.

ப்ளான் இப்படி வந்துச்சு: முதல் 3 கிலோமீட்டர் 5:45, கூட்டத்துல நெளிஞ்சு போறதுக்கு. 3-ல இருந்து 30 வரைக்கும் 5:36. 30-ல இருந்து 35 வரைக்கும் 5:46. அதுக்கப்புறம் கடைசி வரைக்கும் 6:00. கூட்டினா 4:00:27.

27 செகண்ட்! பாத்ததும் கை அரிச்சுது. நடுவுல இருக்குற 27 கிலோமீட்டர்ல ஒவ்வொண்ணுலயும் ஒரு செகண்ட் புடுங்கினா 4:00:00, இன்னும் ஒரே ஒரு செகண்ட் போனா மூணுன்னு ஆரம்பிக்கிற நேரம். வீட்டுக்காரம்மா பாத்துட்டு "ஒரு செகண்ட்தானே, போட்டுக்கோங்களேன்"னாங்க. ஒரு செகண்டால ஒண்ணும் ஆகாதுதான், ஆனா ஷீட்ட டார்கெட்டுக்கு வளைக்க ஆரம்பிச்சா எங்க நிப்போம்னு எனக்கே என் மேல நம்பிக்கை இல்ல. தொடல. இன்னொரு பக்கம் இருந்தும் சரி பாத்துக்கிட்டேன்: நவம்பர் ஹாஃப் நேரத்துக்கு 1.12-ங்கற எண்ண போட்டா 4:00:10 வருது, என்னோட 1.08-க்கும் 1.18-க்கும் நடுவுல. ரெண்டு வேற வேற வழி ஒரே இடத்துல கொண்டுவந்து விட்டா கொஞ்சம் நம்பலாம்.

வாட்ச் பத்தி ஒரு விஷயம், இதுல நிறைய பேர் ஏமாறுறாங்க. ரேஸ் தூரத்த அளக்குறது ரோட்டுல போகக்கூடிய மிகக்குறுகின கோட்டுல, திருப்பத்துல உள்பக்கமா ஒட்டி. நாம ஆளுங்கள சுத்தி, தண்ணி டேபிளுக்கு ஒதுங்கி, வளைஞ்சு வளைஞ்சு ஓடுவோம், ஜிபிஎஸ்ஸும் கொஞ்சம் கூட்டி காட்டும். முதல் ரேஸ்ல என் வாட்ச்ல 42.6. அப்ப வாட்ச் 5:34-னு காட்டுறப்ப நிஜத்துல கிலோமீட்டர் போர்டு கணக்குல நான் 5:37-ல போயிட்டு இருக்கேன். கிலோமீட்டருக்கு மூணு செகண்ட், மொத்தத்துல ரெண்டு நிமிஷத்துக்கு மேல. அதனால ரெண்டாவது தடவ வாட்ச் தானா கிலோமீட்டர் பிரிக்கிற ஆட்டோ லேப்ப ஆஃப் பண்ணிட்டு, போர்டு வர்றப்ப நானே லேப் பட்டன அமுக்கினேன். இடது கைல பேனாவால அஞ்சே அஞ்சு நேரம்: 10, 21.1, 30, 35, 40. நாப்பத்தி ரெண்டு வரி எழுதுனா ஓடுறப்ப யாரும் படிக்கப் போறதில்ல, இருட்டுல தெரியவும் தெரியாது.

நடந்தது கீழ இருக்கு.

| கி.மீ. | முதல் ரேஸ் | ப்ளான் | ரெண்டாவது ரேஸ் |
|---|---|---|---|
| 10 | 54:35 | 56:27 | 56:50 |
| 21.1 | 1:56:09 | 1:58:36 | 1:59:05 |
| 30 | 2:48:00 | 2:48:27 | 2:49:10 |
| 35 | 3:21:30 | 3:17:17 | 3:18:20 |
| 40 | 3:58:40 | 3:47:17 | 3:48:50 |
| முடிவு | 4:14:24 | 4:00:27 | 4:02:05 |

விடிகாலை 4 மணி ஸ்டார்ட், இருட்டு, எல்லாரும் பறக்குறாங்க, 5:45-ல ஓடுறப்ப ஒரு மாதிரி கூச்சமாவே இருந்துச்சு, நாலு மணி நேரத்துல முடிக்க கூட்டத்த கூட்டிட்டு போற பலூன் கட்டின பேஸர் கண்ணுக்கு எட்டாத தூரத்துக்கு போயிட்டாரு. 10-ல ப்ளானுக்கு 23 செகண்ட் பின்னாடி. பழைய நானா இருந்தா அடுத்த ரெண்டு கிலோமீட்டர்லயே அத எடுத்திருப்பேன். இந்த தடவ எடுக்கல, ப்ளான்லயே இல்லாத வேகத்த எங்கயும் போடக்கூடாதுன்னு மட்டும் வச்சிருந்தேன். ஹாஃப் தாண்டினப்ப முதல் ரேஸ விட மூணு நிமிஷம் பின்னாடி, 30-ல 70 செகண்ட் பின்னாடி. முதல் ரேஸ்ல 20-க்கும் 30-க்கும் நடுவுலயே நல்லா இறங்கிட்டேன்ல, அங்கதான் இந்த ரேஸ் எட்டிப்பிடிச்சுது, நான் எதுவும் வேகமா ஓடல.

30 வரப்ப மணி 6:49, சூரியன் அப்பத்தான் மேல வந்திருந்துச்சு. சென்னைல நாலு மணி நேரத்துக்கு பக்கத்துல ஓடுறவங்களுக்கு இது ஒரு சாபம், கால் களைக்கிற கிலோமீட்டரும் வெயில் வர்ற கிலோமீட்டரும் ஒண்ணாவே வரும். 5:46 போட்ட இடத்துல 5:50 வந்துச்சு, 6:00 போட்ட இடத்துல 6:06. ஆனா ஹார்ட் ரேட் 164-க்கும் 167-க்கும் நடுவுலயே கடைசி வரைக்கும் நின்னுச்சு, இறங்கல. அப்பவே தெரிஞ்சுது இது உடைஞ்சு போறது இல்ல, அதே உழைப்புக்கு கொஞ்சம் கம்மியா வேகம் கிடைக்குதுன்னு. அந்த நேரத்துல மனசுக்கும் இது பெரிய உதவி, ஏன்னா வாட்ச்ல 6:04-னு பாத்தப்ப "ஐயோ போச்சு"ன்னு தோணல, கைல எழுதியிருக்கறதுல அதுவும் ஒரு பகுதி.

பாதிக்கு பாதி கணக்கு போட்டா ரெண்டாவது பாதி 3.3 சதவீதம் ஸ்லோ. முதல் ரேஸ்ல அது 19. கென்யா மாரத்தான் வீரர் கிப்சோகே 2022 பெர்லின்ல 2:01:09 ஓடினப்ப முதல் பாதி 59:51, ரெண்டாவது பாதி 61:18, அதாவது 2.4 சதவீதம். உலக சாதனைல அவருக்கே அவ்வளவு தொய்வு. அடுத்த வருஷம் சிகாகோல கிப்டம் 60:48, 59:47-னு பின்பாதிய வேகமா ஓடி அத உடைச்சாரு, அது வேற ஜாதி. நான் நெகட்டிவ் ஸ்ப்ளிட் ப்ளான் போட மாட்டேன், நாலு மணி நேரம் ஓடுற ஆளு பின்பாதில வேகமா வந்தா பெரும்பாலும் முன்பாதில தேவைக்கு மேல ஸ்லோவா போயிருக்கான்னுதான் அர்த்தம்.

தப்பு எங்க நடந்துச்சுன்னா, மொத்தம் 98 செகண்ட் ப்ளான விட லேட். அதுல 43 செகண்ட் 30-க்கு முன்னாடியே போச்சு, அது தொய்வு இல்ல, தண்ணி. ட்ரெய்னிங்ல இடுப்பு பெல்ட்ல பாட்டில் வச்சுக்கிட்டு ஓடுனேன், நிக்கவே இல்ல. ரேஸ்ல பெல்ட் வேணாம்னு ஒவ்வொரு டேபிள்லயும் கப்ப வாங்கி நாலு அடி நடந்து குடிச்சேன், ஒரு தடவைக்கு அஞ்சு செகண்ட், பத்து செகண்ட். 5:36-ங்கறது நிக்காம ஓடுனப்ப அளந்த பேஸ், அத நின்னு குடிக்கிற ரேஸுக்கு அப்படியே தூக்கி வச்சது என் முட்டாள்தனம். மீதி 55 செகண்ட்தான் நிஜமா தொய்வ கம்மியா மதிப்பிட்டது.

அடுத்த ஷீட்ல அதனால ரெண்டே மாற்றம். டேபிளுக்கு எட்டு செகண்ட்னு தனியா ஒரு வரி, 35-க்கு அப்புறம் ஏழுக்கு பதிலா ஒன்பது சதவீதம். ஆரம்ப பேஸ் கட்டம் காலியா இருக்கு, ஹாஃபும் அந்த 15-ப்ளஸ்-14 ஓட்டமும் முடிஞ்சாத்தான் அதுல எண் ஏறும். தம்பி இப்பவே வந்து "அண்ணே இந்த தடவ 3:55 போட்டுக்கலாமா"ங்கறான். டிசம்பர்ல சொல்றேன்டான்னு சொல்லி வச்சிருக்கேன்.